சிறுகதை: வாலட் காட்டியது 22,000, கைக்கு வந்தது 1,858. இந்தக் கணக்கு நம்பும்படி இருக்கிறதா?

எழுத்தாணி | மார்ச் 3, இரவு 9:10

கதை முடிந்துவிட்டது, எண்களில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. செழியன், 24 வயது, நகராட்சியில் சொத்துவரிப் பிரிவு எழுத்தர். எல்லாரும் பேசும் ஒரு புது டோக்கனில் சேமிப்பிலிருந்து 1,000 டாலர் போடுகிறான். சில நாளில் வாலட் 14,545 காட்டுகிறது. சம்பளத்தின் பேரில் 4,000 கடன் வாங்கி அதையும் போடுகிறான். வாலட் 22,000 ஆகிறது. மறுநாள் விலை சரியும்போது விற்கிறான், 1,858 வருகிறது.

படித்த இருவரும் நம்பவில்லை. "14,545-உடன் 4,000 சேர்ந்தால் 18,545 தானே, 22,000 எங்கிருந்து வந்தது?" என்பது ஒருவர். "22,000 வைத்திருந்தவனுக்கு 1,858 என்றால் நடுவில் யாரோ திருடியிருக்க வேண்டும், திருடனைக் காட்டு" என்பது இன்னொருவர்.

எண்களை நான் கற்பனையில் எடுக்கவில்லை, டோக்கனும் டாலரும் சேர்த்து வைத்து, எல்லாரும் வாங்கி விற்கும் பொது இருப்பான பூலின் சூத்திரத்தை விரிதாளில் போட்டு எடுத்தேன். தொடக்கம் இது: மொத்தம் 10 கோடி டோக்கன். அதில் 8 கோடியையும் 5,000 டாலரையும் (திரையில் USDC) பூலில் வைத்துத் தொடங்குகிறார்கள். மீதி 2 கோடி உருவாக்கியவரிடம். செழியன் நுழையும்போது பூலில் 10,000 டாலரும் 4 கோடி டோக்கனும். கட்டணத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

விரிதாள் சொல்வது சரிதானா? சரியென்றால் கதைக்குள் அதை எப்படிக் காட்டுவது?

தெற்குக்காற்று | மார்ச் 3, இரவு 9:42

இரண்டாவது வாசகர் சொல்வதுதான் சரி. ஒரே நாளில் இப்படி விழ வேண்டுமென்றால் பூலில் போட்டுவைத்த இருப்பை, அதாவது லிக்விடிட்டியை, உருவியிருக்க வேண்டும். கதையில் லிக்விடிட்டி பூட்டப்பட்டதா இல்லையா என்று ஒரு வரி சேருங்கள். பூட்டவில்லை என்றால் உருவிக்கொண்டு ஓடிவிட்டார்கள், கதை முடிந்தது. பூட்டியிருந்தால் இவ்வளவு விழாது.

குளக்கணக்கு | மார்ச் 3, இரவு 11:05

எழுத்தாணி, எண்கள் எல்லாமே சரி. எதையும் மாற்றாதீர்கள். தெற்குக்காற்று சொல்வதற்குப் பிறகு வருகிறேன், முதலில் 22,000.

இந்த வகைப் பூலில் வாங்க ஒரு ஆள், விற்க ஒரு ஆள் என்று எதிரெதிரே யாரும் நிற்பதில்லை. ஒரு பக்கம் டாலர், மறுபக்கம் டோக்கன். இரண்டையும் பெருக்கினால் வரும் எண் மாறக் கூடாது என்பது மட்டும்தான் விதி. டோக்கன் மாற்றும் தளமான யுனிஸ்வாப் 2018-இல் இப்படித்தான் தொடங்கியது, அதைப் பார்த்துச் செய்த எத்தனையோ இடங்களில் இன்றும் இதே விதிதான். விலை என்று திரையில் வருவது, பூலில் உள்ள டாலரை டோக்கனால் வகுத்த ஈவு.

செழியன் முதலில் 1,000 போடும்போது பூல் 11,000 டாலராகிறது. பெருக்குத்தொகை மாறாமல் இருக்க, டோக்கன் 4 கோடியிலிருந்து 3,63,63,636 ஆகக் குறைய வேண்டும். குறைந்த 36,36,364 டோக்கன் அவனுக்கு. அதன் பிறகு மற்றவர்கள் வாங்கி வாங்கிப் பூல் 40,000 டாலர், 1 கோடி டோக்கன் என்று வந்து நிற்கிறது. விலை 0.004. அவன் கையிருப்பை அதால் பெருக்கினால் 14,545. வாலட் காட்டுவது இந்தப் பெருக்கலை மட்டுமே.

இப்போது கடன் பணம் 4,000 உள்ளே போகிறது. பூல் 44,000 டாலர், 90,90,909 டோக்கன். புதிதாக அவனுக்குக் கிடைத்தது 9,09,091. விலை 0.004-லிருந்து 0.00484-க்கு ஏறிவிட்டது. ஏற்றியது யார்? அவனேதான். ஏறிய விலையால் வாலட் அவனுடைய பழைய டோக்கனையும் புதியதையும் சேர்த்துப் பெருக்குகிறது. 45,45,455 டோக்கன், 22,000 டாலர். முதல் வாசகர் கேட்ட அந்தக் கூடுதல் 3,455 டாலர் இங்கிருந்து வருகிறது. உலகத்தில் வேறு யாரும் ஒரு காசு போடாமலே அவன் திரையில் லாபம் கூடியிருக்கிறது.

கதையில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிக முக்கியமான கணம் இதுதான் என்று நினைக்கிறேன். கடன் வாங்கலாமா கூடாதா என்று தயங்கிப் போட்டவனுக்கு, போட்ட அந்த நொடியே "சரியான முடிவு" என்று திரை சொல்கிறது. அப்போது வாங்கியதை மட்டும் பார்த்தால் 4,000-க்கு வாங்கியது 4,400 என்று காட்டும். உடனே அதை மட்டும் திருப்பி விற்றால் 4,000-தான் வரும். கட்டணம் இருபுறமும் 0.3 சதவீதம் என்று வைத்தால் அதிலும் கொஞ்சம் குறையும்.

எழுத்தாணி | மார்ச் 4, காலை 7:20

இதை நான் எழுதிய விதம் முற்றிலும் வேறு. 22,000-ஐப் பார்த்ததும் "சந்தை தன்னை நம்புகிறது" என்று அவன் நினைப்பதாக எழுதியிருந்தேன். அந்த வரியை வைத்துக்கொண்டு, உண்மையை வாசகருக்குப் பின்னால் தெரியவிடலாம்.

அப்படியானால் அந்த நிமிடமே மொத்தத்தையும் விற்றிருந்தால் எவ்வளவு? விரிதாள் 14,667 என்கிறது. இதை இன்னும் நம்ப முடியவில்லை. சரிவே இல்லாமல் 7,000 எங்கே போகிறது?

குளக்கணக்கு | மார்ச் 4, காலை 8:02

14,667 சரி. சூத்திரம் இவ்வளவுதான்:

```
பெறுவது = D × n / (T + n)
D = பூலில் டாலர், T = பூலில் டோக்கன், n = விற்கும் டோக்கன்
```

வாலட் காட்டும் மதிப்பு D × n / T. வித்தியாசம் கீழே உள்ள அந்த n-இல் இருக்கிறது. செழியனிடம் உள்ள டோக்கன், பூலில் மிச்சமிருக்கும் டோக்கனில் சரிபாதி. அதனால் திரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். பத்தில் ஒரு பங்கு வைத்திருந்தால் பதினொன்றில் பத்து வந்திருக்கும். ஆகவே 7,000 எங்கும் போகவில்லை, அப்படி ஒரு தொகை எப்போதும் இருந்ததில்லை.

இன்னொன்றும் பாருங்கள். அந்த நேரத்தில் பூலுக்கு வெளியே இருக்கும் எல்லா டோக்கனையும் 0.00484-ஆல் பெருக்கினால் 4,40,000 டாலர். எல்லாருடைய வாலட்டும் சேர்ந்து காட்டும் தொகை இது. அத்தனை பேரும் கடைசி டோக்கன் வரை கொண்டுவந்து விற்றாலும், பூலிலிருந்து வெளியே வரக்கூடியது மொத்தம் 40,000. பதினொன்றில் ஒரு பங்கு. யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த 40,000 பிரியும். மார்க்கெட் கேப் என்று குழுவில் பகிர்ந்துகொண்டிருந்த எண் 4,84,000 ஆக இருக்கும், அது பூலில் உள்ள டோக்கனையும் சேர்த்துப் பெருக்கியது.

பதிவறை | மார்ச் 4, காலை 10:48

நகராட்சிப் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. வரிப் பிரிவில் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கலம் போட்ட பதிவேடு இருக்கும். கேட்பில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், ரசீது கிழித்துப் பணம் கல்லாவுக்கு வந்தால்தான் அது வசூல். நாள் முடிவில் ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டியது வசூல் கலம் மட்டும். செழியன் தினமும் செய்யும் வேலை இது. வாலட் காட்டும் எண் கேட்பு. வேறு விளக்கமே கதைக்குத் தேவையில்லை, அவன் கையில் இருக்கும் பதிவேடு போதும்.

அத்தோடு, வரிப் பிரிவு எழுத்தர் தானே ரசீதும் போட்டுத் தானே கல்லாவையும் வைத்துக்கொள்வதாக இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பணம் வாங்குபவரும் கணக்கு எழுதுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதுதான் எந்தக் கருவூல நடைமுறைக்கும் அடிப்படை. வசூல் கவுன்டரில் வேறு ஆளை உட்கார வையுங்கள். அது கதைக்கும் உதவும்: அலுவலகத்தில் இரண்டு பேர் சரிபார்க்காமல் ஒரு தாள் நகராது, டோக்கன் விஷயத்தில் அவனை யாரும் சரிபார்க்கவில்லை.

மின்மினி82 | மார்ச் 4, மதியம் 1:15

நம்ம வீட்லயும் இதேதான் நடந்துச்சு. தம்பி ஒரு காயின் வாங்கினான், ஏறிட்டே இருக்கு, விக்கப் போனா டிரான்சாக்ஷன் ஃபெயில் ஃபெயில்னே வருது. ஒரு டோக்கன் கூட விக்க முடியல. வாலட்ல இன்னிக்கும் பெரிய தொகை காட்டுது. நீங்க சொல்ற சூத்திரப்படி கொஞ்சமாவது வரணும்ல? பூல்ல பணம் இல்லாததால தானே ஃபெயில் ஆகுது?

குளக்கணக்கு | மார்ச் 4, மதியம் 2:30

மின்மினி, உங்கள் தம்பிக்கு நடந்தது வேறாக இருக்க அதிக வாய்ப்பு. பூலில் பணம் குறைந்திருந்தால் குறைவான தொகை வரும், விற்பனை தடைபடாது. எவ்வளவு சிறிய அளவில் முயன்றாலும் தோல்வி என்றால், டோக்கனின் ஒப்பந்தத்துக்குள்ளேயே விற்பனையைத் தடுக்கும் நிபந்தனை எழுதியிருப்பார்கள். வாங்கலாம், உருவாக்கியவர் அனுமதித்த முகவரிகளைத் தவிர யாரும் விற்க முடியாது. ஹனிபாட் என்பார்கள். 2021 நவம்பர் 1 அன்று விழுந்த ஸ்குவிட் கேம் டோக்கனில் விலை ஆயிரக்கணக்கான டாலர் வரை ஏறியதாகத் திரையில் தெரிந்தது, பெரும்பாலானோரால் விற்கவே முடியவில்லை. யாரும் விற்க முடியாத இடத்தில் விலைக்கு ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. வரைபடத்தில் சிவப்பே இல்லாமல் பச்சை மட்டும் அடுக்கியிருந்தால் அதுதான் முதல் அடையாளம்.

பிளாக்செயின் பதிவுகளை எல்லாருக்கும் காட்டும் எக்ஸ்புளோரர் தளத்தில் அந்த டோக்கனின் பரிமாற்றப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிறிய முகவரிகள் பூலுக்கு விற்றிருக்கிறார்களா? அப்படி இருந்தால் தடை எல்லாருக்கும் இல்லை, தோல்விக்கு வேறு காரணம் தேட வேண்டும். ஒன்றிரண்டு முகவரிகள் மட்டுமே திரும்பத் திரும்ப விற்றிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வாங்கியவுடன் கொஞ்சத்தை விற்றுப் பார்ப்பது நல்ல பழக்கம், ஆனால் முழுப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தின் உரிமையாளரால் விற்பனை வரியை மாற்ற முடியுமென்றால், இன்று 2 சதவீதமாக இருப்பது நாளை 99 ஆகலாம்.

மின்மினி82 | மார்ச் 4, மாலை 6:40

பாத்தேன். ரெண்டே அட்ரஸ்தான் வித்திருக்கு. தம்பிக்கு ஒருத்தர் மெசேஜ் பண்ணி, 300 டாலர் கட்டினா பணத்தை மீட்டுத் தரேன்னு சொல்றார். ஏற்கெனவே நிறைய பேருக்கு மீட்டுக் கொடுத்திருக்காராம். கட்டலாமா?

குளக்கணக்கு | மார்ச் 4, மாலை 6:52

கட்டாதீர்கள். பிளாக்செயினில் நடந்து முடிந்த பரிமாற்றத்தை வெளியாள் யாராலும் திருப்ப முடியாது. அந்த டோக்கனை வாங்கிய முகவரிகள் எல்லாம் பொதுவில் தெரியும், ஏமாந்தவர்களை அதை வைத்தே தேடி வருகிறார்கள். வாலட்டின் 12 சொற்களைக் கேட்டாலோ, ஏதாவது தளத்தில் வாலட்டை இணைக்கச் சொன்னாலோ மீதியிருப்பதும் போகும். இழப்பைக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் பதிவு செய்யுங்கள். பரிமாற்ற எண், முகவரி, அந்த ஆளின் செய்தி எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள்.

தெற்குக்காற்று | மார்ச் 4, இரவு 9:30

கதைக்கு வருவோம். 14,667-க்கு விற்றிருக்கலாம் என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டேன். மொத்தமாகக் கொட்டினால் அடி வாங்கத்தான் செய்யும். பத்துப் பங்காகப் பிரித்து விற்றால் 20,000-க்குப் பக்கத்தில் எடுத்திருக்கலாம். அனுபவம் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

பூட்டைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

குளக்கணக்கு | மார்ச் 4, இரவு 10:17

பிரித்து விற்பது பெரிய சந்தையில் உதவும். அங்கே ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் வேறு யாராவது வாங்கி விலையைத் திரும்ப மேலே கொண்டுவருவார்கள், பல பூல்களுக்கிடையே விலையைச் சமன்செய்பவர்களும் இருப்பார்கள். ஒரே ஒரு பூல் மட்டும் உள்ள டோக்கனில், நடுவில் யாரும் வாங்கவில்லையென்றால் பத்துத் துண்டின் கூட்டுத்தொகையும் அதே 14,667-தான் (0.3 கட்டணத்தால் சில்லறை வித்தியாசம் வரும்). பெருக்குத்தொகை மாறாதபோது எந்த வழியில் இறங்கினாலும் பூல் அதே இடத்தில்தான் போய் நிற்கும். சூத்திரத்தில் 4,54,545 ஆகப் பத்து முறை போட்டுப் பாருங்கள்.

நடுவில் வாங்க ஆள் வந்தால் லாபம், நடுவில் விற்க ஆள் வந்தால் நட்டம். செழியனின் கதையில் வரப்போவது இரண்டாமவர்.

பூட்டு விஷயத்தில் பாதி சரி. லிக்விடிட்டியைப் பூட்டினால், பூலில் போட்ட பங்கை உருவாக்கியவர் உருவ முடியாது. அந்தப் பங்குக்கான எல்பி டோக்கனை `0x000000000000000000000000000000000000dEaD` முகவரிக்கு அனுப்பி எரித்துவிட்டால் யாராலுமே உருவ முடியாது. அவர் கையில் தனியாக இருக்கும் 2 கோடி டோக்கனுக்கு அந்தப் பூட்டால் ஒரு தடையும் கிடையாது. மற்றவர்களைப் போல அவரும் பூலுக்கு வந்து விற்கலாம், 44,000 டாலர் உள்ள பூலில் 2 கோடியை இறக்கினால் 30,250 டாலர் அவருக்கு. பூலில் மிச்சம் 13,750 டாலரும் 2,90,90,909 டோக்கனும். விலை 0.00047. செழியனின் 22,000 திரையில் 2,148 ஆகிறது, விற்றால் 1,858.

பூட்டு கடைசி வரை உடையவில்லை. திருடனைக் காட்டு என்று கேட்ட வாசகருக்கு இங்கே காட்ட ஆள் இல்லை. விதிப்படி ஒருவர் விற்றார், அவ்வளவுதான். அதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா என்பது, விற்க மாட்டேன் என்று அவர் குழுவில் எழுதியிருந்தாரா என்பதைப் பொறுத்தது. எழுத்தாணிதான் முடிவு செய்ய வேண்டும்.

தெற்குக்காற்று | மார்ச் 4, இரவு 10:58

பத்து முறை போட்டுப் பார்த்தேன், கூட்டினால் அதே தொகைதான் வருகிறது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பூட்டைப் பார்ப்பது வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பூட்டாத பூலில் நுழைவதை எப்படியும் ஆதரிக்க மாட்டேன்.

பதிவறை | மார்ச் 5, காலை 9:55

கதையின் ஒரு பத்தியை இப்படி வைத்தால் என்ன? எழுத்தாணி வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

"மூன்றரை மணிக்குக் கவுன்டர் மூடியது. வசூல் கலத்தின் கீழே கோடு போட்டுக் கூட்டினான். ரொக்கப் புத்தகத்தோடு ஒத்துப்போனது. கேட்புக் கலத்தின் கூட்டல் அதைப்போல் எட்டு மடங்கு இருந்தது, அதை யாரும் எண்ணிப் பார்க்கச் சொல்லவில்லை. மேசைக்குக் கீழே போனைத் திறந்தான். 22,000. பதிவேட்டை ஒரு முறை பார்த்தான், போனை ஒரு முறை பார்த்தான். இந்த எண் எந்தக் கலத்தில் வரும் என்று முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டான்."

எழுத்தாணி | மார்ச் 5, இரவு 8:35

பத்தி அப்படியே போகிறது, "முதல் தடவையாக" மட்டும் எடுத்துவிடுகிறேன். கேட்டுக்கொண்ட பிறகும் அவன் விற்காமல் இருப்பதுதான் என் கதை. தெரிந்தும் இன்னும் ஓர் இரவு காத்திருக்கிறான், 25,000 ஆனதும் கடனைக் கட்டிவிடலாம் என்று.

விற்கும் காட்சியில் ஒரு சந்தேகம். முதல் முறை விற்பனை தோல்வியடைந்து, இரண்டாம் முறை 1,858 கிடைப்பதாக எழுதியிருக்கிறேன். விறுவிறுப்புக்காகச் சேர்த்தது. அப்படி நடக்குமா? நடந்தால் அவன் திரையில் என்ன தெரியும்? அந்த நேரத்தில் பூலின் நிலவரத்தை அவன் எங்கே பார்த்திருக்க முடியும்?

குளக்கணக்கு | மார்ச் 5, இரவு 11:20

நடக்கும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

அவன் விற்பனையை அழுத்தும்போது திரை 14,667 என்று ஒரு மதிப்பீடு தரும். ஸ்லிப்பேஜ் 1 சதவீதம் என்று இருந்தால், 14,520-க்குக் கீழே போனால் வேண்டாம் என்று பரிமாற்றத்தோடே எழுதி அனுப்புகிறான் என்று அர்த்தம். அது பிளாக்கில் ஏறுவதற்குள் அந்த 2 கோடி விற்பனை முன்னால் ஏறிவிடுகிறது. இப்போது கிடைக்கக்கூடியது 1,858. குறைந்தபட்சத்தைவிடக் கீழே என்பதால் பரிமாற்றம் ரத்தாகும். எக்ஸ்புளோரரில் இப்படித் தெரியும்:

```
Fail with error 'UniswapV2Router: INSUFFICIENT_OUTPUT_AMOUNT'
```

டோக்கன் அவனிடமே இருக்கும், பரிமாற்றத்தைப் பதியக் கட்டும் கேஸ் கட்டணம் மட்டும் போய்விடும். பல பேர் இந்த இடத்தில் பதறி ஸ்லிப்பேஜை 50-க்கு ஏற்றுவார்கள். அவன் அப்படிச் செய்வதாக எழுதாமல், புதிதாக மதிப்பீடு எடுத்து 1,858-ஐப் பார்த்துவிட்டு அழுத்துவதாக எழுதினால் நல்லது. அந்த எண்ணைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்டு அழுத்துகிற விரல் கதைக்கு வலுவானது.

பூல் நிலவரத்துக்கு: டோக்கன் பக்கத்திலிருந்து பூலின் முகவரிக்குப் போய், ஒப்பந்தத்தை வாசிக்கும் பகுதியில் இதைப் பார்க்கலாம். உச்சத்தில் இருந்தபோது இப்படி இருந்திருக்கும்:

```
getReserves()
_reserve0: 44000000000
_reserve1: 9090909000000000000000000
```

முதல் எண்ணில் கடைசி 6 இலக்கத்தை நீக்கினால் 44,000 டாலர். USDC-க்கு 6 தசம இடம். இரண்டாவதில் 18 இலக்கத்தை நீக்கினால் 90,90,909 டோக்கன். எது முதலில் வரும் என்பது முகவரிகளின் வரிசையைப் பொறுத்தது, பெரிய எண்தான் டோக்கன் என்று ஊகிக்கக் கூடாது. இந்த இரண்டு எண்ணும் தன் கையிருப்பும் தெரிந்தால் மேலே உள்ள சூத்திரத்தைக் கால்குலேட்டரில் போட்டுவிடலாம்.

அதோடு வைத்திருப்போர் பட்டியல். உருவாக்கியவரின் 2 கோடி ஒரே முகவரியில் 20 சதவீதம் என்று வெளிப்படையாக இருக்காது. ஆளுக்கு 1 சதவீதமாக இருபது முகவரிகளில் கிடக்கும், பார்க்க இருபது தனி மனிதர்கள் போல. ஒவ்வொன்றையும் திறந்து, அந்த முகவரிக்கு முதன்முதலில் கேஸ் செலவுக்கான காசு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்த நிமிடங்களில் போயிருந்தால் அது ஒரே கை. ஏதாவது எக்ஸ்சேஞ்சிலிருந்து தனித்தனியாக எடுத்திருந்தால் இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது, அந்த எல்லை இதற்கு உண்டு.

மின்மினி82 | மார்ச் 6, காலை 7:05

அந்த மீட்புக்காரரை பிளாக் பண்ணிட்டோம். புகார் பதிவு பண்ணியாச்சு.

கதை பத்தி ஒண்ணு கேக்கணும். அந்தப் பையன் 14,545 காட்டினப்பவே போட்ட 1,000-ஐ மட்டும் எடுத்திருந்தா? எங்க வீட்ல எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. முதலை எடுத்துட்டா மிச்சம் போனா போகட்டும்னு.

குளக்கணக்கு | மார்ச் 6, காலை 8:40

கணக்கு அவன் பக்கம்தான். அப்போது பூல் 40,000 டாலர், 1 கோடி டோக்கன். 1,000 டாலர் எடுக்க 2,56,410 டோக்கன் விற்றால் போதும். கையிருப்பில் 7 சதவீதம். மிச்சம் 33.8 லட்சம் அவனிடமே இருக்கும், கடன் என்ற பேச்சே எழாது. 2 கோடி இறங்கிய பிறகும் போட்டது கைக்கு வந்தவனாக இருந்திருப்பான். கதையில் ஒரு வரியிலாவது இது வர வேண்டும் என்பேன்.

பதிவறை | மார்ச் 6, காலை 11:30

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதலை எடுத்தவன் மிச்சத்தை "சும்மா வந்த பணம்" என்று நினைக்கத் தொடங்குவான். 13,000 டாலர் மதிப்பைத் தன்னுடையதாகவே கருதாதவன் அதை எங்கே வேண்டுமானாலும் வைப்பான். கடன் வாங்கும் துணிச்சலும் அங்கேதான் வரும்: "போட்டதை எடுத்துவிட்டேன், எனக்கு இது கைவந்துவிட்டது" என்று. செழியனைப் போன்றவனுக்கு முதலை எடுப்பது காப்பா, தூண்டிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கடன்தான் கதையின் மையம். 1,000 மட்டும் போட்டிருந்தால் அவனுக்கு நேரக்கூடிய அதிகபட்ச நட்டம் 1,000, அதுவும் ஒரே தடவை. 4,000 கடனை ஆண்டுக்கு 12 சதவீதம், 24 மாதத் தவணை என்று வைத்துப் பாருங்கள். மாதம் 188 டாலர், மொத்தம் கட்டுவது 4,519. டோக்கன் பூஜ்யமான பிறகும் தவணை பூஜ்யமாகாது. சம்பளத்தில் பிடித்தம் என்றால் அவன் கைக்கு வருமுன்பே போய்விடும், அலுவலகச் சம்பளப் பட்டியலில் பிடித்தம் போடுபவரும் பக்கத்து மேசைக்காரராக இருப்பார்.

தெற்குக்காற்று | மார்ச் 6, மதியம் 12:10

முதலை எடுப்பதைத் தூண்டில் என்பது மிகை. எடுத்தவன் எல்லாரும் கடன் வாங்கப் போவதில்லை. கையில் வந்த 1,000-ஐப் பார்த்துக் கடன் வேண்டாம் என்று நிறுத்தியவர்களும் இருப்பார்கள். கதையில் இரண்டையும் காட்ட இன்னொரு எழுத்தரைக் கொண்டுவரலாமே, அதே டோக்கன், முதலை எடுத்துக்கொண்டு ஒதுங்கியவர்.

எழுத்தாணி | மார்ச் 6, இரவு 9:45

இன்னொரு எழுத்தரைக் கொண்டுவந்தால் கதை பாடம் நடத்தத் தொடங்கிவிடும், ஒருவன் தப்பு, ஒருவன் சரி என்று. வேண்டாம். 7 சதவீதம் என்ற கணக்கை மட்டும் செழியனே, எல்லாம் முடிந்த பிறகு, போட்டுப் பார்ப்பதாக வைக்கிறேன். அது காப்பா தூண்டிலா என்று கதை தீர்ப்பு சொல்லாது.

தவணைக் கணக்கு சேருகிறது. கைக்கு வந்த 1,858-ஐ முழுக்கக் கடனில் கட்டினாலும் பத்துத் தவணைக்குக்கூட முழுதாக வராது. அதை முன்கூட்டியே கட்டினால் வட்டி குறையுமா, இல்லை முன்கட்டணம் என்று ஏதாவது பிடிப்பார்களா? பதிவறை, இது மட்டும் சொல்லுங்கள். கடைசிக் காட்சியில் அவன் கடன் பிரிவு மேசைக்கு எதிரே நிற்கிறான், என்ன கேட்பான் என்று எழுத வேண்டும்.

பதிவறை | மார்ச் 7, காலை 10:20

கடன் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. குறையும் நிலுவைக்கு வட்டி என்றால், நடுவில் கட்டிய தொகை நேராக அசலில் கழியும், அப்போது இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: தவணைத் தொகையைக் குறைப்பீர்களா, மாதங்களைக் குறைப்பீர்களா? மாதங்களைக் குறைத்தால் மொத்த வட்டி குறைவாக வரும், தவணையைக் குறைத்தால் மாதச் செலவுக்குக் கொஞ்சம் மூச்சு விடலாம். வட்டியை முன்பே மொத்தமாகச் சேர்த்துத் தவணை போட்ட கடனாக இருந்தால் முன்கட்டுவதில் பெரிய பலன் இருக்காது. முன்கட்டணம் உண்டா என்பதும் அதே தாளில் இருக்கும்.

அவனிடம் 1,858 இருக்கிறது. முழுவதையும் அன்றே கட்டிவிட வேண்டாம் என்று எழுதுங்கள். இரண்டு மூன்று தவணைக்கானதை நிறுத்திவைத்துக்கொண்டு, மீதியைக் கட்டி, மாதங்களைக் குறைக்கச் சொல்வான். வரிப் பிரிவில் வேலை பார்ப்பவன், கட்டியதற்கு ரசீது கேட்டு வாங்கி, அசல் எவ்வளவு கழிந்தது என்று அதிலேயே எழுதச் சொல்வான்.

எழுத்தாணி | மார்ச் 7, இரவு 9:00

600 நிறுத்திவைத்து 1,258 கட்டுகிறான், மாதங்களைக் குறைக்கச் சொல்கிறான். அடுத்த வரைவை ஞாயிறன்று இதே இழையில் போடுகிறேன். தெற்குக்காற்று, பூட்டு பற்றிய வரி நான்காம் பக்கத்தில் வந்துவிட்டது, அது உடையவில்லை என்பதும் சேர்த்து.